அரசன்தான் இறந்துவிட்டானே, அப்புறம் மதுரையை ஏன் எரிக்க வேண்டும்?

வைகைக்கரை

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை முடித்திருக்கிறோம். கடைசி நாளில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே வைக்கிறேன்.

வழக்குரை காதையின் முடிவில் பாண்டியன் தன் தவறை ஒப்புக்கொண்டு அங்கேயே உயிரை விடுகிறான். கோப்பெருந்தேவியும் அவன் காலடியில் விழுகிறாள். கண்ணகி கேட்டு வந்த நீதி அங்கே கிடைத்துவிட்டது. ஊர் எரிவது அதற்குப் பிறகுதான், வஞ்சின மாலையில். குற்றவாளி தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்ட பிறகு ஊருக்கு எதற்குத் தீ? அந்த ஊரில் தச்சர், நெசவாளர், கிழங்கு விற்பவர் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்?

கண்ணகியைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. இளங்கோ இந்த வரிசையை ஏன் இப்படி வைத்தார் என்பதுதான் என் கேள்வி.

செழியன்கோட்டை

இதில் என்ன குழப்பம்? அரசவையில் விசாரணை நடந்தது, பொற்கொல்லன் பொய்ச்சாட்சி சொன்னான், அரசன் நம்பித் தீர்ப்புக் கொடுத்தான். மதுரை மக்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. அதனால்தான் கண்ணகி ஒருவரையும் விடாமல் ஊரையே எரித்தாள். அநியாயத்தை வேடிக்கை பார்த்தவனும் குற்றவாளி. எனக்கு இது தெளிவாகத்தான் தெரிகிறது.

முத்துப்பரல்

செழியன்கோட்டை தம்பி, ஊரைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் விசாரணை நடந்தது என்கிறீர்களே, அது சினிமாவிலும் நாடகத்திலும் பார்த்த காட்சி. முப்பது வருடம் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், கொலைக்களக் காதையில் விசாரணை என்று ஒன்று கிடையவே கிடையாது. அவையே கூடவில்லை.

நடந்தது இதுதான். ஆடல் பாடல் பார்த்துக்கொண்டிருந்த அரசனிடம் ஊடல்கொண்டு, தலைவலி என்று சொல்லிக் கோப்பெருந்தேவி எழுந்து போய்விடுகிறாள். அவள் மனத்தைத் தணிக்க அரசன் பின்னாலேயே போகிறான். அந்தப்புர வாசலுக்கு அவன் வரும் நேரத்தில் பொற்கொல்லன் குறுக்கே வந்து விழுந்து வணங்குகிறான். கன்னக்கோல் இல்லாமல், மந்திரத்தால் வாயில்காப்போரை மயக்கி அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் நின்ற நிலையிலேயே ஊர்க்காவலரைக் கூப்பிட்டு, என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான். அவ்வளவுதான். சில அடிகளில் முடிந்துவிடும் ஆணை.

அந்த இடத்தில் இளங்கோ அரசனைக் குறிக்க ஒரு சொல் போடுகிறார்: 'தேரான் ஆகி'. ஆராயாதவனாகி. பிறகு கண்ணகி அவையில் நின்று 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று தொடங்குகிறாள் அல்லவா, அவள் சுமத்துவது அதே குற்றம்தான். கொடியவன் என்றோ பேராசைக்காரன் என்றோ அவள் சொல்லவில்லை, ஆராயாதவன் என்கிறாள். குற்றப்பத்திரிகை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அதைவிட என்னை இன்றைக்கும் உலுக்குவது கொலைக்களத்தில் நடப்பது. காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் இலக்கணத்தைப் பார்த்தால் கொலைப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று அவர்களே தயங்குகிறார்கள். அரசன் செய்யாத ஆராய்ச்சியை அங்கே சாதாரணக் காவலர்கள் தொடங்குகிறார்கள்! உடனே பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டு, தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று பாடம் எடுக்கிறான். இளைஞன் ஒருவன், மழை இரவில் கையில் உளியோடு வந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பிடுங்கிக்கொண்டு மாயமாய் மறைந்த கதையைச் சொல்கிறான். இவனை விட்டால் அரசன் நம்மை வருத்துவான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று முடிக்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் வீழ்ந்ததைச் சொல்லும் அதே மூச்சில் 'காவலன் செங்கோல் வளைஇய' என்கிறார் இளங்கோ. வெட்டியது குடிகாரன் வாள், வளைந்தது அரசன் கோல்.

நீதிமன்றவாசல்

முத்துப்பரல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் கீழமை நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள்.

அந்த ஆணை நிபந்தனையோடு இருக்கிறது. கையில் சிலம்பு இருந்தால் கொல்லுங்கள். அதாவது பொருள் கையில் இருப்பதையே அரசன் குற்றத்துக்கு முழுச் சான்றாக எடுத்துக்கொண்டான். இந்த எண்ணம் இன்றைய சட்டத்துக்கும் புதிதில்லை. 2024இல் மாற்றப்பட்ட 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டாகவே இருந்து, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் தொடர்வது இதுதான்: களவுபோன பொருள் களவு நடந்த கொஞ்ச நாளில் ஒருவன் கையில் இருந்தால், அவன் திருடன் என்றோ திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆனால் அந்தப் பொருள் தன்னிடம் எப்படி வந்தது என்று அவன் விளக்கம் சொல்லாவிட்டால்தான் அந்த ஊகம் நிற்கும். அதற்கும் முன்னால், அது களவுபோன அதே பொருள்தான் என்று காட்டியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு படியும் மதுரையில் நடக்கவில்லை. கொலைக்களக் காதையை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். காவலர் வந்தது முதல் வாள் விழும் வரை கோவலன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக இல்லை. கள்வர்களைப் பற்றிக் கதை சொல்ல அத்தனை பேருக்கும் நேரம் இருக்கிறது. அந்தச் சிலம்பு உனக்கு ஏது என்று அவனிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால், இன்னொன்று ஆயர் சேரியில் என் மனைவியிடம் இருக்கிறது, ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பான். அரை நாளில் முடியும் வேலை.

அது களவுபோன அதே சிலம்புதானா என்பது இன்னும் மோசம். வழக்குரை காதையில் என்ன நடக்கிறது? என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. அரசன் கொஞ்சமும் யோசிக்காமல் 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்று உடனே பதில் சொல்கிறான். எங்கள் சிலம்பில் முத்து இருக்கிறது என்பது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்! யாரையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை. கோவலனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தகவல் அந்தப்புர வாசலில் நின்றபோதே அவன் மனத்தில் இருந்தது. உடைத்துப் பார்த்தீர்களா என்ற ஒரே கேள்வி போதும், அதை அவன் கேட்கவில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னது பொற்கொல்லன் குற்றம். தெரிந்ததைப் பயன்படுத்தாமல் விட்டது முழுக்க முழுக்க அரசன் குற்றம்.

பட்டறைத்தெரு

நான் நகைத்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். இந்தக் கதை பேசப்படும் இடங்களில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வந்தபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அது கிடக்கட்டும், தொழில் தெரிந்தவனாக ஒரு விஷயம் சொல்கிறேன்.

கூடாகச் செய்து உள்ளே பரல் போட்டு வாயை மூடிப் பற்றவைத்துவிட்டால், உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குலுக்கினால் ஓசையில் வித்தியாசம் தெரியலாம், அதுவும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான். எனவே வெளிவேலை ஒரே மாதிரி இருப்பதால் இரண்டும் ஒன்று என்று தொழில் தெரிந்தவன் எவனும் நேர்மையாகச் சொல்ல மாட்டான். அந்தப் பொற்கொல்லன் கோவலனின் சிலம்பை ஆராய்ந்து பார்த்ததாகத்தான் காப்பியம் சொல்கிறது. அவன் பார்த்தது மேலே உள்ள வேலைப்பாட்டை. தான் ஏற்கெனவே எடுத்துவிட்ட அரசியின் சிலம்புக்கு இது ஈடாக நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அரசனிடம் ஓடினான்.

நீதிமன்றவாசல் அம்மா சொன்ன கேள்வியை அரசன் கேட்டிருந்தால், பட்டறையில் அரம் வைத்து ஒரு ஓரத்தைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உருப்படியும் பெரிதாகக் கெட்டிருக்காது, மறுபடி பற்றவைத்துவிடலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அரசி தொலைத்த உண்மையான சிலம்பு என்ன ஆனது? அந்தப் பொற்கொல்லன் என்ன ஆனான்? யாருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மலர்விழி_திருச்சி

இழையைத் திசைமாற்றுகிறேன் என்றால் மன்னியுங்கள். நான் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு சங்கிலி கணக்கில் வரவில்லை, கடைசியாகக் காட்டியது நான் என்று என்னைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். என்னிடம் எதையும் கேட்கவில்லை, எழுதிக் கொடு என்று மட்டும் சொன்னார்கள். நான் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அது வேறு தட்டில் இருந்தது. வேலைக்கு வரலாம் என்று ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். தவறு எங்களுடையது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அதனால் எனக்கு அரசனின் நீதி என்றால் அந்தக் கடைசி வரிதான். 'யானோ அரசன் யானே கள்வன்'. அப்படிச் சொல்ல ஒருவனுக்கு எவ்வளவு மனம் வேண்டும்! என்னைப் பொறுத்தவரை பாண்டியன் நல்ல அரசன்தான்.

முத்துப்பரல்

மலர்விழி அம்மா, உங்களுக்கு நடந்தது கொடுமை. வைகைக்கரை கேட்டது வேறு கேள்வி என்றாலும், நீங்கள் தொட்ட இடம் முக்கியமான இடம். வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவனும் கிட்டத்தட்ட உங்கள் பக்கம்தான் பேசுகிறான். சாத்தனார் வாயால் செய்தியைக் கேட்டதும், வினை வளைத்த கோலைப் பாண்டியனின் போன உயிர் நிமிர்த்திச் செங்கோலாக்கியது என்கிறான். தொடர்ந்து, மழை பொய்த்தால் அச்சம், உயிர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் பேரச்சம், அரச குடியில் பிறப்பது துன்பமே தவிரத் தொழத்தக்கது இல்லை என்கிறான். வெற்றிக்கொடி பிடித்த ஒரு மன்னன் வாயில் இந்தப் பேச்சு வருகிறது.

இனி வைகைக்கரை கேட்டதற்கு வருகிறேன். ஊர் ஏன் எரிந்தது என்பதற்கு விடை தேட ஊர்சூழ் வரிக்குப் போக வேண்டும். அவைக்குப் போகும் முன்பே கண்ணகி தெருவில் நின்று மூன்று கேள்வி கேட்கிறாள். பெண்டிரும் உண்டுகொல்? சான்றோரும் உண்டுகொல்? தெய்வமும் உண்டுகொல்? கணவனுக்கு நேர்ந்த குறையைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இங்கே உண்டா, ஈன்ற பிள்ளையைப் போல எடுத்து வளர்க்கும் சான்றோர் உண்டா, வாள் தவறிய இந்த ஊரில் தெய்வம் உண்டா என்று. இதில் அரசனைப் பார்த்துக் கேட்டது ஒன்றும் இல்லை. ஊரைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.

ஆனால் செழியன்கோட்டை சொன்னதுபோல ஊர் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. 'வளையாத செங்கோல் வளைந்தது இதுவென்கொல்' என்று ஊரே அரற்றுகிறது. அவளோடு அழுகிறார்கள், அவள் கணவன் கிடக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். அதற்கு மேல் அவர்களால் முடிந்தது ஒன்றுமில்லை. ஒருவரையும் விடாமல் எரித்தாள் என்பதும் சரியில்லை. தீக்கடவுள் நீலநிறப் பார்ப்பான் வடிவில் வந்து, யாரை விட வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தை இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர்க என்று அவள் சொல்கிறாள். என் வாசிப்பில் இது முக்கியம். ஆராயாமல் கொன்ற அரசனுக்கு எதிராக எழுந்தவள், தன் கோபத்தின் உச்சியிலும் யார் எவர் என்று பிரித்துத்தான் தீயை அனுப்புகிறாள்.

வைகைக்கரை

ஐயா, அந்தப் பட்டியல் எனக்குத் திருப்தி தரவில்லை. பார்ப்பாரும் பசுவும் முதலில் வருகிறார்கள். உழைக்கிற ஆண், கல்யாணமாகாத பெண், கணிகையர் இவர்களெல்லாம் எந்தப் பக்கம்? அழற்படு காதையில் நாடக மடந்தையரின் வீதி எரிகிறது. ஆடரங்கை இழந்து நிற்கும் அந்தப் பெண்கள் கேட்பதைப் பாருங்கள்: இவள் எந்த நாட்டாள், யார் மகள், ஆராயாத மன்னனைச் சிலம்பால் வென்று இந்த ஊரைத் தீயூட்டிய பெண் யார்? அவர்கள் கண்ணகியைத் திட்டவே இல்லை, வியக்கிறார்கள். ஆனால் அவர்கள் அரங்கு போய்விட்டது. அவர்களைத் தீத்திறத்தார் என்று யார் ஆராய்ந்து முடிவு செய்தது?

முத்துப்பரல்

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தீக்கடவுள் தானே சொல்கிறான், உனக்குத் தீங்கு செய்யும் நாளில் இந்த ஊரை எரிக்க வேண்டும் என்று முன்பே எனக்கு ஓர் ஏவல் இருக்கிறது என்று. பிறகு மதுராபதித் தெய்வமும் ஆடி மாதத்துத் தேய்பிறை எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்ற உரை இருந்ததாகச் சொல்கிறது. எரித்த பொறுப்பை அவள் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கிவைக்க இளங்கோவே முயல்கிறார் என்று எனக்குத் தோன்றும். உங்கள் உறுத்தல் அவருக்கும் இருந்திருக்கலாம்.

கிழக்குக்கரை

வணக்கம், மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் நூலில் நின்று பேசுகிறீர்கள். எங்கள் ஊர்களில் இந்தக் கதை வருடா வருடம் வைகாசியில் கோயிலில் நடக்கிறது. தம்பிலுவில் போன்ற ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு என்றால் ஊரே திரளும். ஏட்டில் உள்ள கண்ணகி வழக்குரையைப் படிப்பார்கள். இளங்கோவின் கதையிலிருந்து அது பல இடங்களில் வேறுபடும். எங்கள் வழக்குரையில் கண்ணகி மாங்கனியில் பிறந்து பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டவள்.

வைகைக்கரை அண்ணா கேட்ட கேள்விக்கு எங்கள் சனம் சொல்லும் பதில் சடங்கின் முடிவில் இருக்கிறது. அதற்குப் பெயர் குளிர்த்தி. ஊர் எரிந்த பிறகும் அம்மனின் கோபம் ஆறவில்லை, அதைக் குளிர்விக்க வேண்டும் என்று குளிர்த்திப் பாடல் பாடுவார்கள். அம்மை நோய், வரட்சி எல்லாம் அந்தக் கோபத்தின் வெக்கை என்றுதான் எங்கள் பாட்டிமார் சொல்லுவினம். குளிர்த்தி நாளில் அவள் செய்தது சரியா பிழையா என்று யாரும் கேட்பதில்லை. அரசன் செய்த பிழையின் சூடு ஊருக்கு வந்துவிட்டது, அதை ஊர்தான் ஆற்ற வேண்டும். மழையும் நோயும் அரசனின் நடத்தையில் தங்கியிருக்கின்றன என்று நம்பிய காலத்தில் அரசனை ஒரு தனி ஆளாக வைத்துத் தண்டிக்க முடியாது. அவன் பிழைத்தால் ஊர் எரியும்.

நாஞ்சில்மருமகள்

கிழக்குக்கரை சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் கல்யாணமாகி வந்தது திருவனந்தபுரம். ஆற்றுக்கால் பகவதி கோயிலில் மாசி மாதம் பொங்காலைத் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் தோற்றம் பாட்டாகக் கண்ணகி கதையைப் பாடுவார்கள். ஒன்பதாம் நாள் காலையில் பாட்டு பாண்டியன் கொல்லப்படும் இடத்துக்கு வந்த பிறகுதான் கோயில் அடுப்பில் தீ மூட்டுவார்கள், அதிலிருந்து தெருத்தெருவாக லட்சக்கணக்கான பெண்களின் அடுப்புக்குத் தீ போகும். நானும் செங்கல் அடுக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே பாடுவது கவனிக்க வேண்டியது. பாண்டியன் தானாக உயிரை விடுவதில்லை, பகவதி அவனைக் கொல்கிறாள். யானே கள்வன் என்ற வாக்குமூலத்துக்கு அந்தப் பாட்டில் இடமில்லை. அரசனுக்குப் பெருமையோடு சாகும் வாய்ப்பைக் கொடுத்தது இளங்கோதான். அவர் சேர அரச குடும்பத்துத் துறவி என்று பதிகம் சொல்கிறது அல்லவா. மக்கள் பாடிய கதை அரசனிடம் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை.

செழியன்கோட்டை

அதற்காக இளங்கோ அரசனுக்கு வெள்ளையடித்தார் என்று சொல்வீர்களா? மதுராபதித் தெய்வமே சொல்கிறது, இந்தப் பாண்டியன் மறை ஓதும் நாவின் ஓசையைக் கேட்டிருக்கிறானே தவிர ஆராய்ச்சி மணியின் நாவோசையைக் கேட்டதே இல்லை என்று. குறை சொல்ல ஒரு குடிமகனும் வராத அளவுக்கு நல்லாட்சி. ஒரே ஒரு தவறு, அதுவும் ஊழ். கோவலன் முற்பிறப்பில் செய்த வினைதான் அவனைக் கொன்றது. காப்பியமே அப்படித்தான் சொல்கிறது, நான் சொல்லவில்லை.

நீதிமன்றவாசல்

மணி அடிக்கவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது, செழியன்கோட்டை அண்ணா. கோவலன் எந்த மணியை அடித்திருக்க முடியும்? அவனுக்கு அந்த வாசல் வரை போகவே நேரம் தரவில்லை. புகார் என் பதி என்று கண்ணகி அவையில் சொல்லும்போது, கன்றை இழந்த பசு மணியடித்ததற்காகச் சொந்த மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனை நினைவுபடுத்துகிறாள். அங்கே பசுவுக்குக் கிடைத்த வாய்ப்பு மதுரையில் கோவலனுக்குக் கிடைக்கவில்லை.

முற்பிறப்புக் கதையையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கலிங்கத்தில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரண்டு ஊர், இரண்டு மன்னர்களுக்குள் பகை. சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு வந்து சிங்கபுரத்தில் அணிகலன் விற்கிறான். பரதன் என்ற அரச ஊழியன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று அரசனிடம் பிடித்துக் கொடுக்கிறான். அரசன் அவனைக் கொல்கிறான். நீலி பதினான்கு நாள் அலைந்து மலையிலிருந்து விழுந்து சாகிறாள், எங்களுக்கு இதைச் செய்தவர்களுக்கும் இதுவே நேரட்டும் என்று சொல்லிவிட்டு. அந்தப் பரதன்தான் கோவலன்.

ஊழ் என்று சொல்லி அரசனை விடுவிக்க இந்தக் கதை உதவாது. அதிலும் நகை விற்க வந்த வெளியூர் வணிகன், ஒருவனின் பொய்ப் புகார், கேட்டதும் கொன்ற அரசன், தெருவில் அலைந்த மனைவி. மதுரையில் நடந்ததேதான் அங்கேயும் நடந்திருக்கிறது. எந்த ஊரிலும் எந்தப் பிறப்பிலும் அரசன் ஒரே இடத்தில்தான் தவறுகிறான்: குற்றம் சாட்டியவனின் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு, சாட்டப்பட்டவனைக் கேட்காமல் விடுகிறான்.

முத்துப்பரல்

அருமையாகப் பிடித்தீர்கள் அம்மா. அதே கட்டுரை காதையில் மதுராபதி சொல்லும் இன்னொரு கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும், அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

திருத்தங்காலில் வார்த்திகன் என்று ஒரு பார்ப்பனன். அவன் சிறுவயது மகன் வேதம் பிழையில்லாமல் ஓதியதற்காகப் பராசரன் என்பவன் அவனுக்கு அணிகலன்களைப் பரிசாகக் கொடுக்கிறான். திடீரென்று இந்த வீட்டுக்கு நகை எப்படி வந்தது என்று பொறாமைப்பட்ட அரச ஊழியர்கள், புதையலை எடுத்து வைத்துக்கொண்டான் என்று குற்றம் சாட்டி வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்காமல் போகிறது. பாண்டியன் பதறிப்போய் என்ன கொடுங்கோன்மை நடந்தது என்று விசாரிக்கச் சொல்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, என் முறை தவறிவிட்டது, பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, திருத்தங்காலோடு வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான். சிறைகளைத் திறந்துவிடச் சொல்கிறான். புதையல் எடுத்தவருக்கே அது சொந்தம் என்று பறையறையச் செய்கிறான். கதவு திறக்கிறது.

பாண்டியர் நீதி தவறாதவர்கள் என்று காட்டத்தான் மதுராபதி இதைச் சொல்கிறது. நான் படிக்கும்போது எனக்குப் படுவது வேறு. இங்கேயும் கையில் இருந்த நகை, பொய்ப் புகார், அழுகிற மனைவி எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த ஊர் எரியவில்லை. ஏனென்றால் வார்த்திகன் சிறையில் உயிரோடு இருந்தான். தவறைத் திருத்த அரசனுக்கு ஒரு ஆள் மிச்சம் இருந்தான், விடுவிக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், ஊர் கொடுக்கலாம். கோவலன் விஷயத்தில் அரசனுக்குத் தன் உயிரைத் தவிரக் கொடுக்க எதுவும் இல்லை. அதைக் கொடுத்தும் கணக்கு நேராகவில்லை. கணவனை இழந்தவளுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அரசி நடுங்குவதாக இளங்கோ எழுதுவது அதனால்தான். வைகைக்கரை, ஊர் ஏன் எரிந்தது என்பதற்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான். ஈடு செய்ய முடியாததை அரசன் செய்துவிட்டான். அவன் சாவு அதற்கு ஈடாகாது.

வைகைக்கரை

இதை அப்படியே எங்கள் வட்டத்துக்கு எடுத்துப் போகிறேன் ஐயா. நாடக மடந்தையர் வீதி மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது, அது இருக்கட்டும்.

பட்டறைத்தெரு

நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பொற்கொல்லன் என்ன ஆனான் என்று காப்பியம் தனியாகச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உரைபெறு கட்டுரையில் ஒன்று இருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியதும், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று களவேள்வி செய்கிறான். மழை பெய்கிறது. நாடு செழிக்கிறது.

ஒருவனை ஆராயாமல் கொன்றதற்கு ஊர் எரிந்தது. ஆயிரம் பேரை ஆராயாமல் கொன்றதற்கு மழை பெய்ததா? அந்த ஆயிரம் பேருக்கும் மனைவி இருந்திருப்பாள் அல்லவா?

செழியன்கோட்டை

அது உண்மையாக நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? ஆயிரம் என்பது வழக்கமான பெரிய எண். வேள்வி என்றால் மாவால் செய்த உருவமாகக்கூட இருக்கலாம்.

முத்துப்பரல்

மாவுருவம் என்று சொல்லக் காப்பியத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீர்ப்படைக் காதையிலும் இதே செய்தி வருகிறது, அங்கே உயிர்ப்பலி என்ற சொல்லே இருக்கிறது, ஒரே பகலில் என்றும் இருக்கிறது. செங்குட்டுவனிடம் அதைச் சொல்பவன் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறான், அவனும் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

நீதிமன்றவாசல்

காப்பியத்தின் காலத்தில் கூட்டுப்பலி சாதாரணமாக ஏற்கப்பட்டிருக்கலாம். ஆனால் கண்ணகி தீக்கடவுளுக்குச் சொன்ன கட்டளையில் மூத்தோரும் குழந்தையும் பிரிக்கப்பட்டார்கள். வெற்றிவேற் செழியன் யாரையும் பிரிக்கவில்லை. தொழிலை மட்டும் பார்த்தான்.

பட்டறைத்தெரு

ஆமாம் அம்மா. தேரா மன்னன் என்ற பெயர் அவனுக்கும் பொருந்தும் என்றுதான் நான் சொல்ல வருகிறேன். அவன் அவையில் போய் அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. எங்கள் தாத்தா இந்த இடம் வந்தால் நூலை மூடிவிடுவார், பக்கத்துக் காதையிலிருந்து தொடர்வார். நான் மூடுவதில்லை. வைகைக்கரை சார், உங்கள் வட்டத்தில் அடுத்து நீர்ப்படைக் காதை படிக்கும்போது இந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும்.